வார்த்தையில்லாமல் வந்த ரசீதுப் படம்: கேள்வி எது என்று கண்டுபிடிப்பது எப்படி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும், தெருவுக்கு ஒருவராவது 'ரசீது படிக்கிறவர்' இருப்பார். கல்லூரிக்குப் போகும் பெண்ணாக இருக்கலாம், பிரவுசிங் சென்டர் பையனாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த படத்தைத் திறந்து, போனை அவர் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் பாரு மவளே" என்பார்கள். படத்தோடு ஒரு வார்த்தையும் வந்திருக்காது. அனுப்பியவர் டூட்டிக்குப் போயிருப்பார், அல்லது மீன்பிடி போட்டில் ஏறிக் கடலுக்குள் போயிருப்பார். திருப்பிக் கேட்க வழியில்லை.

அந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கான குறிப்பு இது.

பேசாமல் வரும் ரசீதுப் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று கேள்விகளில் ஒன்று இருக்கும். விவரம் சரியா? சார்ஜ் எவ்வளவு பிடித்தார்கள்? ரேட் சரியான ரேட்தானா? எது என்று தெரியாவிட்டால் முதலில் விவரத்தைப் பாருங்கள். மூன்றில் அதற்கு மட்டும்தான் கெடு உண்டு. சார்ஜும் ரேட்டும் ரசீது அடித்த நிமிடமே முடிந்துபோன சங்கதி. நாளை பேசினாலும் அதேதான். அக்கவுண்ட் நம்பர் தப்பு என்றால், எக்ஸ்சேஞ்ச் கடையிலிருந்து பணம் கிளம்புவதற்குள் சொன்னால் திருத்தலாம். கிளம்பிய பிறகு அது வேறு கதை.

படமே கொடுக்கும் துப்பு

முதலில் ரசீதில் உள்ள நேரத்தையும் படம் வந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். அமீரகமும் ஓமானும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். துபாய் ரசீதில் இரவு 7.40 என்று இருந்தால் நமக்கு அது 9.10. படம் 9.15க்கு வந்திருந்தால், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே அனுப்பியிருக்கிறார். 'போட்டாச்சு, சரியா பாத்துக்கோ' என்பதுதான் அதன் பொருள். விவரம் பார்க்க வேண்டும், அதுவும் உடனே.

இரண்டு நாள் கழித்துப் பழைய ரசீதின் படம் வந்தால் கேள்வி வேறு: பணம் வந்ததா, முழுசாக வந்ததா? பேங்க் எஸ்.எம்.எஸ்ஸை வீட்டிலிருந்து அனுப்பிய பிறகு பதிலாக ரசீது வந்தால், இரண்டு தொகைக்கும் வித்தியாசம் கண்டுவிட்டார் என்று பொருள். அது சார்ஜ் கேள்வி. இரண்டு கடை ரசீதுகள் சேர்ந்து வந்தாலோ, ரசீதோடு கூகுளில் தேடிய ரேட்டின் ஸ்கிரீன்ஷாட்டும் வந்தாலோ, அது ரேட் கேள்வி.

படத்தை எப்படி எடுத்திருக்கிறார் என்பதும் பேசும். முழுத் தாளும் தெரிந்தால் பொதுவாகத் தகவல் சொல்கிறார். ஒரு பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால், அந்தப் பகுதியில்தான் அவருக்குச் சந்தேகம். சிலர் பெருவிரலால் ஒரு வரியின் ஓரத்தைத் தொட்டபடி எடுப்பார்கள். விரல் மறைக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் எந்த வரியில் விரல் இருக்கிறது என்று பாருங்கள்.

விவரம் பார்ப்பது

பக்கத்தில் பாஸ்புக் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். போன மாத ரசீதோடு ஒப்பிடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒருமுறை தப்பாகப் பதிந்த விவரம் அடுத்த ரசீதிலும் அப்படியே அச்சாகும். இரண்டு தப்பும் ஒன்றுபோல இருக்கும், நமக்குச் சரியாகத் தோன்றும்.

அக்கவுண்ட் நம்பரை நான்கு நான்கு எண்ணாகப் பிரித்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பாஸ்புக்கில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை எண் என்றும் எண்ணுங்கள். ஸ்டேட் பேங்கில் 11, இந்தியன் ஓவர்சீஸ் பேங்கில் 15 எண்கள். நடுவில் வரிசையாகப் பூஜ்யம் வரும் நம்பர்களில்தான் ஒரு பூஜ்யம் விட்டுப்போகும் அல்லது கூடிப்போகும். சில ரசீதுகளில் நடு எண்களை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். அப்போது தெரிகிற கடைசி எண்களை மட்டும் ஒப்பிட்டு, 'கடைசி நாலு சரி' என்று மட்டும் சொல்லுங்கள். 'நம்பர் சரி' என்று சொல்லிவிட வேண்டாம்.

இந்த நம்பர் விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், இந்தியாவுக்குள் நெஃப்ட் முறையில் வரும் பணத்தை வங்கி வரவு வைப்பது அக்கவுண்ட் நம்பரைப் பார்த்துத்தான். பெயர் பொருந்தவில்லை என்று பணம் தானாக நின்றுவிடும் என நம்பியிருக்க முடியாது. ஒரு எண் மாறி அப்படி ஒரு நம்பரே இல்லை என்றால் பணம் திரும்பிப் போகும். அந்த நம்பரில் வேறொருவர் இருந்துவிட்டால் அவர் கணக்கில் விழும். பிறகு அவர் சம்மதித்தால்தான் திரும்ப வரும்.

அடுத்தது ஐ.எஃப்.எஸ்.சி. மொத்தம் 11 எழுத்து. முதல் நான்கும் வங்கி: ஸ்டேட் பேங்க் SBIN, இந்தியன் பேங்க் IDIB, இந்தியன் ஓவர்சீஸ் IOBA, கனரா CNRB. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. கடைசி ஆறும் கிளை. கிளை மாறிப் பக்கத்து ஊர் விழுந்திருந்தால் பெரும்பாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். வங்கியே மாறியிருந்தால் அப்படியில்லை. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. நெடுநாள் முன் வெளிநாடு போனவர் டைரியில் எழுதி வைத்திருப்பது அந்தப் பழைய கோடாக இருக்கலாம்.

பெயர் விஷயத்தில் இரண்டு வகை ரசீதுகளைப் பிரித்துப் பாருங்கள். அக்கவுண்டுக்குப் போகும் பணத்தில், பெயரில் ஓர் எழுத்து முன்பின் இருந்தால் அவ்வளவாகப் பாதகமில்லை. நம்பர் போட்டுக் கவுண்டரில் ரொக்கமாக வாங்கும் பணத்தில் பெயர்தான் எல்லாமே. ஃபாத்திமா என்ற ஒரே பெயரை ஆதாரில் ஒருவிதமாகவும் ரேஷன் கார்டில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பது நம் பக்கத்தில் சகஜம். முகமது, முஹம்மது, சையது, செய்யது எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நாலு விதம் கூடும். ரொக்கம் வாங்கப் போகிறவர் எந்த அட்டையைக் காட்டப் போகிறாரோ அந்த அட்டையில் உள்ள எழுத்தோடு ரசீதை ஒப்பிடுங்கள். முன்னெழுத்து மட்டும் இருக்கிறதா, தகப்பனார் பெயர் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ரொக்க முறைக்கு வரம்பும் உண்டு: ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஓராண்டில் 30 தடவை, கையில் ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் இருந்தால் காசோலையாகவோ அக்கவுண்டிலோதான் தருவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் ஏறாத கேஸ் ஒன்று உண்டு. முழு கே.ஒய்.சி. ஆவணம் கொடுக்காமல், முகாமில் போட்டோவை மட்டும் வைத்துத் தொடங்கிய சிறு கணக்கு அது. அதில் ஓராண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, கே.ஒய்.சி. முடியாமல் வெளிநாட்டுப் பணமும் ஏறாது. மீனவர் வீடுகளில் மானியத்துக்காகத் திறந்த கணக்கு இப்படி இருக்கிறதா என்று முதல் தடவை பணம் வருவதற்கு முன்பே கிளையில் கேட்டுவிடுவது நல்லது.

தப்பு கண்டுபிடித்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், போன் போடுங்கள். அனுப்பியவர் அதே ரசீதோடும் அடையாள அட்டையோடும் அதே கடைக்குப் போக வேண்டும். பணம் கிளம்பவில்லை என்றால் திருத்தித் தருவார்கள். கிளம்பித் திரும்பி வந்த பணமாக இருந்தால், பல இடங்களில் கட்டிய சார்ஜைத் திருப்பித் தருவதில்லை. ரூபாயை மறுபடி திர்ஹாமாக மாற்றும்போது அன்றைய ரேட்டில் இன்னும் கொஞ்சம் குறையும்.

சார்ஜ் கேள்வி

ஒரு ரசீதை எடுத்துக்கொள்வோம். துபாயிலிருந்து 1,500 திர்ஹாம். சார்ஜ் 23, அதன் மேல் வாட் 1.15. மொத்தம் கட்டியது 1,524.15. ரேட் 23.00. வீட்டுக்கு வர வேண்டியது 34,500 ரூபாய்.

வாட் என்பது அனுப்பும் தொகைக்கு இல்லை, சார்ஜுக்கு மட்டும். அமீரகத்தில் 5 சதவீதம், சவூதியில் 15 சதவீதம். 23இல் 5 சதவீதம் 1.15, கணக்கு சரி. இதை முதலில் சரிபார்த்துவிட்டால் ரசீதின் மேல்பாதி முடிந்தது.

எஸ்.எம்.எஸ்ஸில் 34,500 வந்திருந்தால் பேச்சே இல்லை. குறைவாக வந்திருந்தால் எவ்வளவு குறைகிறது என்ற தொகையே காரணத்தைச் சொல்லிவிடும். 62 ரூபாய் 10 காசு குறைந்திருக்கிறது என்று வையுங்கள். அது ஜி.எஸ்.டி. வெளிநாட்டுப் பணத்தை இந்திய வங்கி ரூபாயாக மாற்றினால், ஒரு லட்சம் வரை அந்தத் தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக வைத்து, அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடிக்கும். 34,500இல் 1 சதவீதம் 345. அதில் 18 சதவீதம் 62.10. தொகை 25,000க்குள் இருந்தால் எப்போதும் 45 ரூபாய். பாஸ்புக்கில் 45 ரூபாய் பற்று தனி வரியாக நின்றால் அது இதுதான்.

இது எக்ஸ்சேஞ்ச் கடை வழியாக ரூபாயாகவே அனுப்பிய பணத்தில் வராது, மாற்றுவது அங்கேயே முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து ஸ்விஃப்ட் முறையில் போட்டால் வரும். ரசீதில் OUR, SHA, BEN என்ற மூன்றில் ஒன்று இருந்தால் அது ஸ்விஃப்ட். முதலாவது என்றால் சார்ஜ் எல்லாம் அனுப்புகிறவர் தலையில். இரண்டாவது என்றால் அவரவர் பக்கத்துச் சார்ஜ் அவரவருக்கு. மூன்றாவது என்றால் எல்லாம் வாங்குகிறவர் பணத்திலிருந்து கழியும். நடுவில் நிற்கும் வங்கியும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், இந்த வழியில் வரும் தொகையைப் பைசா சுத்தமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. 'ஜி.எஸ்.டி. போக மீதிக் குறைவு வழியில் பிடித்தது' என்று சொன்னால் போதும்.

ரேட் கேள்வி

இங்கேதான் வீட்டுக்கும் கடைக்கும் சண்டை. 'கூகுளில் 23.14 காட்டுது, நமக்கு ஏன் 23 குடுத்தான்?'

திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். சவூதி ரியால் 3.75, கத்தார் ரியால் 3.64. அதனால் திர்ஹாம் ரேட் ஏறுவதும் இறங்குவதும் உண்மையில் டாலர் ரேட் ஏறி இறங்குவதுதான். டாலர் 85 ரூபாயாக இருக்கும் நாளில் 85ஐ 3.6725ஆல் வகுத்தால் 23.145. இது வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் நடு ரேட். கவுண்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. நம் ரசீதில் 23.00 என்றால் கடை எடுத்துக்கொண்டது ஒரு திர்ஹாமுக்குப் பதினாலரைக் காசு, 1,500க்குச் சுமார் 217 ரூபாய். இந்த வகுத்தல் குவைத் தினார், மலேசிய ரிங்கிட், சிங்கப்பூர் டாலருக்குப் பலிக்காது, அவை டாலரோடு மட்டும் கட்டப்பட்டவை இல்லை.

ஆக, 24.15 திர்ஹாம் சார்ஜ் ரூபாயில் சுமார் 555. ரேட்டில் போனது 217. மக்கள் ரேட்டுக்காகக் கடை கடையாக அலைகிறார்கள், இந்தத் தொகையில் பெரிய ஓட்டை சார்ஜில் இருக்கிறது.

அதனால் இரண்டு ரசீதை ஒப்பிடச் சொன்னால் ரேட் வரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கையை விட்டுப் போன மொத்தத்தால் வந்த ரூபாயை வகுங்கள். 34,500ஐ 1,524.15ஆல் வகுத்தால் 22.64. இதுதான் உண்மையில் கிடைத்த ரேட். சார்ஜே இல்லாமல் 22.92 தருகிற இன்னொரு வழி இருந்தால், அதே 1,524.15க்கு 34,933 ரூபாய் வரும், 433 லாபம். தொகை பெரிதாகப் பெரிதாக இது தலைகீழாகும். இந்த இரண்டு ரேட்டுக்கும் சுமார் 6,900 திர்ஹாம் வரை சார்ஜ் இல்லாத வழி நல்லது. அதற்கு மேல் போட்டால், சார்ஜ் கட்டினாலும் 23.00 தருகிற கடைதான் நல்லது.

ரேட் வரியில் 0.0434 என்பது போல ஏதோ இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு ரூபாய்க்கு எத்தனை திர்ஹாம் என்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் பழகிய ரேட் வந்துவிடும். பஹ்ரைன், குவைத், ஓமான் ரசீதுகளில் தொகைக்குப் பின் மூன்று பூஜ்யம் நிற்கும். 100.000 என்பது நூறு தினார். புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஃபில்ஸ், ஓமானில் பைசா. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் புள்ளி தெரியாமல் லட்சம் என்று படித்து, வீட்டில் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர்கள் உண்டு.

'நாளைக்கு ஏறுமா?' என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், கூடவே அளவையும் சொல்லுங்கள். 1,500 திர்ஹாமுக்கு 10 காசு ஏறினால் 150 ரூபாய். அதற்காகத் தவணைத் தேதியைத் தாண்டவிட்டால் வங்கி போடும் அபராதம் அதைவிடக் கூடும்.

பதில் எழுதுவது

'என்ன கேக்குறீங்க?' என்று மட்டும் பதில் போட்டால் ஒரு நாள் வீண். மாமி போனைக் கொடுத்துவிட்டு நிற்கிறார் என்றால் அவர் பெயரில் இப்படிப் போடலாம்:

'மச்சான், ரசீது பாத்தேன். அக்கவுண்ட் கடைசி நாலு 4417, பாஸ்புக்கோட சரி. ஐ.எஃப்.எஸ்.சி., பேரு சரி. 34,500 வரணும், இன்னும் வரல. ரேட்டு பத்திக் கேட்டீங்களா?'

பார்த்தது எது, பார்க்காதது எது என்று அதில் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி, ஆமா இல்ல என்று வாய்ஸில் சொல்லிவிடலாம். எண் தெளிவாக இல்லாவிட்டால், 3க்கும் 8க்கும் சந்தேகமாக இருந்தால், ஊகித்து எழுதாமல் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது.

'இன்னும் வரல' என்பதற்கு அவசரப்பட்டுப் புகார் சொல்ல வேண்டாம். நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் இரவு பகல் ஓடுகிறது என்றாலும், அங்கிருந்து கிளம்புவது அந்த நாட்டு வேலை நாளைப் பொறுத்தது. சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும். இங்கே இரண்டாம், நான்காம் சனி வங்கி இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருந்த ஒரு முழு நாள் கழிந்தும் வரவில்லை என்றால், அனுப்பியவரைக் கடையில் யு.டி.ஆர். நம்பர் கேட்கச் சொல்லுங்கள். அந்த நம்பரை வைத்து இங்கே கிளையில் பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும். ரசீதின் தலையில் இருக்கும் கடையின் பில் நம்பரை வைத்துக்கொண்டு கிளையில் நின்றால் அவர்களால் ஒன்றும் தேட முடியாது.

வேலை முடிந்ததும் உங்கள் போனில் அந்தப் படம் இருந்தால் அழித்துவிடுங்கள். ரசீதில் அனுப்பியவரின் அடையாள எண், போன் நம்பர் எல்லாம் இருக்கும். ரொக்கம் வாங்கும் ரசீது என்றால் கவுண்டரில் சொல்லிப் பணம் வாங்கும் நம்பரும், இரண்டு பேர் பெயரும், தொகையும் ஒரே தாளில் இருக்கிறது. குடும்ப குரூப்பில் போட்டுச் சந்தேகம் கேட்க வேண்டிய படம் அது அல்ல. வீட்டுக்காரர் தன் போனில் மட்டும் வைத்திருக்கட்டும், பாஸ்புக்கில் அந்த வரி அச்சாகும் வரை. கடைத் தாள் சூட்டில் அச்சாகும் வகை, சில மாதத்தில் வெளுத்துவிடும். பிறகு கையில் மிஞ்சுவது அந்தப் படம்தான்.